முதல் வேலை: ஒன்பது பேர் கொம்பனியா, ஒன்பதாயிரம் பேர் கொம்பனியா?

வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல்நகரிலோ படிப்பை முடித்து வெளியே வருகிற பிள்ளைகளின் கையில் சில வேளை ஒரே கிழமையில் இரண்டு கடிதங்கள் வந்து சேரும். ஒன்று கொழும்பில் பெயர் தெரிந்த பெரிய கொம்பனியிடமிருந்து. மற்றது வவுனியா நகரில் ஒரு கடைக்கு மேலே மாடியில் எட்டுப் பத்துப் பேர் இருந்து மென்பொருள் செய்கிற சின்னக் கொம்பனியிடமிருந்து. வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அம்மாவுக்குப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும். மாமாவுக்கு ஊரில் சொல்லிக்கொள்ளப் பெயருள்ள இடம் வேண்டும். இவை இரண்டும் நியாயமான ஆசைகள்தான். ஆனால் முடிவெடுக்க உதவுகிற விவரங்கள் அந்த இரண்டு கடிதங்களுக்குள்ளும், நீங்கள் கேட்க வேண்டிய நாலைந்து கேள்விகளுக்குள்ளும்தான் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்று சொல்கிறது. உதாரணத்துக்குக் கணினி வேலையை எடுத்திருக்கிறோம். கணக்கியல், விற்பனை, தொழினுட்பப் பராமரிப்பு வேலைகளுக்கும் இதே வழிதான்.

முதலில் கைக்கு வருகிற காசு

கடிதத்தில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். அந்த எண் இரண்டு கொம்பனியிலும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை.

இலங்கையில் தனியார் துறையில் வேலை செய்கிற எவருக்கும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அது. உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிப்பார்கள். கொம்பனி தன் பணத்திலிருந்து 12 வீதம் போட வேண்டும். அதற்கு மேல் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், அதுவும் முழுக்கக் கொம்பனியின் செலவு. இந்த 12உம் 3உம் உங்கள் சம்பளத்தில் கைவைக்காமல் போக வேண்டியவை.

இப்போது ஒரு கணக்கு. புளியங்குளத்தில் வீடுள்ள ஒரு பிள்ளைக்கு இரண்டு கடிதம் வந்திருக்கிறது என்று வையுங்கள். கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கொழும்புக் கொம்பனி 95,000 ரூபா என்கிறது. அதில் அடிப்படைச் சம்பளம் 70,000, மிச்சம் 25,000 போக்குவரத்து, இணையம் போன்ற கொடுப்பனவுகள். சேமலாப நிதிக்கு அடிப்படையில் 8 வீதம், அதாவது 5,600 கழியும். கைக்கு வருவது 89,400.

வவுனியாக் கொம்பனி 75,000 என்கிறது. ஆனால் கடிதத்தின் கீழ் ஒரு வரி இருக்கிறது: “இத்தொகை கொம்பனியின் மொத்தச் செலவாகும்.” இந்த வரியைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். கொம்பனி போட வேண்டிய 15 வீதமும் சேர்த்துத்தான் 75,000 என்பது இதன் பொருள். அப்படியானால் உண்மையான சம்பளம் 75,000ஐ 1.15ஆல் பிரித்தால் வருகிற 65,217. அதில் உங்கள் பங்கு 8 வீதம், 5,217 போனால் கைக்கு வருவது சரியாக 60,000. இந்த மாதிரிக் கடிதங்களில் சொன்ன தொகையில் 80 வீதம்தான் கைக்கு வரும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் பிரிக்கத் தேவையில்லை. இப்படி எழுதுகிற கொம்பனியிடம், “அடிப்படைச் சம்பளம் 65,217 ரூபா என்று நியமனக் கடிதத்தில் தனியாக எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். அது எழுத்தில் இல்லாவிட்டால், பிறகு கொம்பனியின் பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்தே வெட்டினார்களா இல்லையா என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

ஆக 89,400க்கும் 60,000க்கும் இடையில் 29,400 வித்தியாசம். இனிச் செலவைப் பாருங்கள். கொழும்பில் இன்னொருவரோடு பகிர்ந்த போர்டிங் அறை 18,000, சாப்பாடு 30,000, நகருக்குள் பஸ் 5,000, மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்துபோக 6,000, தொலைபேசி, சலவை, மருந்து எல்லாம் 6,000. மொத்தம் 65,000. மிச்சம் 24,400. வவுனியாவில் வேலை செய்தால் புளியங்குளத்திலிருந்து தினமும் ஏ9 வீதியில் பஸ்ஸுக்கு 9,000, மதியச் சாப்பாடு 7,000, வீட்டுக்குக் கொடுப்பது 15,000, தொலைபேசி 3,000. மொத்தம் 34,000. மிச்சம் 26,000.

கடிதத்தில் 20,000 குறைந்த வேலை, மாதக் கடைசியில் 1,600 கூடத் தருகிறது. சேமலாப நிதியும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் சேர்த்து உங்கள் பெயரில் சேருவதும் கொழும்பில் 16,100, வவுனியாவில் 15,000. கிட்டத்தட்டச் சமம். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் சின்னக் கொம்பனி இருந்தால் முதல் வருடத்துக் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் வந்து நிற்கும். முல்லைத்தீவிலோ துணுக்காயிலோ வீடுள்ளவருக்கு வவுனியாவிலும் அறை எடுக்க வேண்டி வரலாம். அப்போது கணக்கு கொழும்பின் பக்கம் சாயும்.

கொழும்புக்குப் போவதானால் இன்னொரு தொகையையும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். அறைக்கு இரண்டு மாத முற்பணம் கேட்டால் 36,000. முதல் மாதச் செலவு 65,000. முதல் சம்பளம் கைக்கு வரும் முன்பே ஒரு லட்சம் ரூபா வெளியே போய்விடும். பெரிய கொம்பனிகளில் சம்பளப் பட்டியலை மாத நடுவில் மூடுவார்கள். நீங்கள் 20ஆம் திகதி சேர்ந்தால் அந்த மாத நாட்களுக்கான காசு அடுத்த மாதச் சம்பளத்தோடுதான் வரக்கூடும். சேரும் திகதியை முடிவு செய்யும் முன், “இந்தத் திகதியில் சேர்ந்தால் முதல் சம்பளம் எப்போது வரும், எத்தனை நாளுக்கு வரும்?” என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கேட்காமல் போய், இரண்டாவது கிழமையிலேயே ஊருக்குக் காசு கேட்டு அழைப்பெடுக்க வேண்டி வந்தால் வேலையில் மனம் நிற்காது.

15 என்கிற எண்

சின்னக் கொம்பனிக்கும் பெரிய கொம்பனிக்கும் இடையில் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு 15 ஊழியர். வேலை தேடுகிறவர்களில் மிகச் சிலருக்கே இது தெரிகிறது.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக ஓர் ஊழியரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். வேலை குறைந்துவிட்டது, காசு இல்லை என்பதெல்லாம் இந்தக் காரணங்களுக்குள் வரும். அனுமதி கொடுக்கும்போது நட்டஈடும் தீர்மானிக்கப்படும். ஆனால் இந்தப் பாதுகாப்பு, நிறுத்துவதற்கு முந்திய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடங்களுக்குத்தான். அதிலும் முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஒன்பது பேர் இருக்கிற கொம்பனியில் இந்தச் சட்டம் உங்களுக்குத் துணை வராது. பணிக்கொடைச் சட்டத்திலும் இதே 15தான். அதற்கு ஐந்து வருடச் சேவையும் வேண்டும் என்பதால் முதல் வேலையில் அதை நினைத்து முடிவெடுக்கத் தேவையில்லை.

இதனால் சின்னக் கொம்பனிக்குப் போகக் கூடாது என்று ஆகாது. அங்கே உங்கள் பாதுகாப்பு பெரும்பாலும் நியமனக் கடிதத்தின் ஒரு வரியில் தங்கியிருக்கிறது என்றுதான் ஆகும். அந்த வரி, வேலையை நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பது. சில கடிதங்களில் ஊழியர் விலகினால் இரண்டு மாதம், கொம்பனி நிறுத்தினால் இரண்டு கிழமை என்று எழுதியிருக்கும். இரு பக்கத்துக்கும் ஒரு மாதம் என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒன்பது பேர் உள்ள இடத்தில் முதலாளியே கடிதத்தைத் தட்டச்சு செய்திருப்பார். கேட்டால் பெரும்பாலும் மாற்றுவார். ஒன்பதாயிரம் பேர் உள்ள இடத்தில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டார்கள்.

அநியாயமாக நிறுத்தப்பட்டால் தொழில் நியாய சபைக்குப் போகிற உரிமை சின்னக் கொம்பனி ஊழியருக்கும் உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால் மாதங்களைக் கழிய விடாமல் உடனே மாவட்டத் தொழில் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

அந்தக் கொம்பனி உண்மையில் ஒரு கொம்பனியா என்பதையும் பாருங்கள். eroc.drc.gov.lk என்ற தளத்தில் பெயரைத் தேடினால் பதிவு இருக்கிறதா என்று தெரியும். தனியார் கொம்பனியின் பதிவிலக்கம் PV என்று தொடங்கும், கடிதத் தலைப்பிலும் அது இருக்க வேண்டும். சில இடங்கள் பிரதேச செயலகம் வழியாக வியாபாரப் பெயர் மட்டும் பதிந்து நடத்தப்படுகின்றன. அதுவும் சட்டப்படியானதுதான். ஆனால் அங்கே உங்கள் முதலாளி கொம்பனி அல்ல, அந்தத் தனி மனிதர். அவர் வெளிநாடு போய்விட்டால் சம்பள பாக்கியை யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் எத்தனை மாதத்துக்கு ஓடும்

பெரிய கொம்பனியில் இந்தக் கேள்வி அநேகமாகத் தேவையில்லை. சின்னக் கொம்பனியில் இதைக் கேட்காமல் சேரவே கூடாது. ஆனால் எங்கள் பக்கத்தில் காசு விசயத்தை நேரே கேட்பது மரியாதைக் குறைவு என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். கேட்கிற விதத்தில் கேட்டால் யாரும் குறை நினைப்பதில்லை.

“அண்ணா, ஒரு விசயம் கேட்டால் பிழையா நினைக்கமாட்டியள்தானே? வீட்டில கேக்கினம், அதுதான். இண்டையில இருந்து புது வேலை ஒண்டும் வராட்டி, இருக்கிற காசில எல்லாருக்கும் எத்தினை மாசம் சம்பளம் குடுக்கலாம்?”

இதற்கு ஓர் எண் பதிலாக வர வேண்டும். ஆறு மாதம், எட்டு மாதம், மூன்று மாதம், எதுவானாலும் அது பதில். “அதெல்லாம் பிரச்சினை இல்லைத் தம்பி, வேலை வந்துகொண்டே இருக்கும்” என்றால் அவர் கணக்குப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுச் சொல்ல விரும்பவில்லை. இரண்டாவது கேள்வி: வருமானத்தில் எவ்வளவு பங்கு ஒரே ஒருவரிடமிருந்து வருகிறது? வன்னியில் உள்ள சின்னக் கொம்பனியின் வேலை பல நேரம் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற ஒரு உறவினர், ஒரு பழைய நண்பர் வழியாக வரலாம். அது நல்ல வழிதான், ஆனால் ஒற்றைக் கயிறு.

அந்த ஒற்றைக் கயிறு என்ன செய்யும் என்று பாருங்கள். ஒன்பது பேருக்கு எல்லாம் சேர்த்து மாதச் சம்பளச் செலவு 720,000. வாடகை, மின்சாரம், இணையம் 130,000. மொத்தம் 850,000. மாத வருமானம் 600,000. ஒவ்வொரு மாதமும் 250,000 துண்டு விழுகிறது. வங்கியில் 25 லட்சம் இருந்தால் பத்து மாதம் தாக்குப்பிடிக்கலாம். பத்து மாதம் என்றால் புதிதாக இரண்டு மூன்று வாடிக்கையாளரைப் பிடிக்கப் போதிய காலம், பயப்படத் தேவையில்லை. ஆனால் வருமானத்தில் 70 வீதம் ஒரே வாடிக்கையாளருடையது என்றால், அவர் விலகிய அன்று வருமானம் 180,000 ஆகிவிடும். துண்டு விழுவது 670,000. அதே 25 லட்சம் நாலு மாதத்துக்கும் காணாது. முதலாளி பொய் சொல்லாமலே பத்து மாதம் நாலாகக் குறைந்துவிடுகிறது. அதனால் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள்.

காசு இறுகுகிற கொம்பனியில் அநேகமாக முதலில் நின்றுபோவது சேமலாப நிதி. சம்பளம் நின்றால் அன்றே எல்லாரும் அறிவார்கள், சேமலாப நிதி நின்றால் மாதக்கணக்கில் யாரும் அறிய மாட்டார்கள் என்பதுதான் காரணம். ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்டியாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஏற்கெனவே அங்கே வேலை செய்கிற ஒருவரைத் தனியாகச் சந்தித்து இரண்டு விசயம் கேளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் சம்பளம் எந்தத் திகதிகளில் வந்தது? சேமலாப நிதி கடைசியாக எந்த மாதத்துக்குக் கட்டப்பட்டிருக்கிறது? வன்னியில் ஒருவரையொருவர் அறியாதவர் குறைவு. ஒரே பள்ளிக்கூடம், ஒரே ரியூசன் என்று எப்படியும் ஒருவர் அகப்படுவார்.

“தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் சேமலாப நிதி” என்று சொல்கிற இடங்களும் உண்டு. அது சட்டத்துக்கு முரண். நிரந்தரம், தற்காலிகம், தகுதிகாண் என்ற வேறுபாடு இல்லாமல் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். ஆறு மாதம் கட்டாமல் விட்டால், 65,217 சம்பளத்தில் கொம்பனியின் பங்கு மட்டும் ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேல் உங்களுக்கு நட்டம்.

உங்கள் வேலையை யார் திருத்துவது

எங்கள் அபிப்பிராயத்தில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இந்தக் கேள்விதான். முதல் இரண்டு வருடத்தில் நீங்கள் செய்கிற பிழையைப் பக்கத்தில் இருந்து ஒருவர் காட்டித் தந்தால் மூன்றாவது வருடத்தில் உங்களுக்குச் சந்தையில் விலை இருக்கும். யாரும் காட்டாவிட்டால் அதே பிழையை இரண்டு வருடம் பழகி வைத்திருப்பீர்கள்.

சின்னக் கொம்பனியில் வேலை அகலமாக இருக்கும். காலையில் நிரல் எழுதுவீர்கள், மத்தியானம் வாடிக்கையாளரோடு பேசுவீர்கள், பின்னேரம் வழங்கியை நீங்களே பார்ப்பீர்கள். இதை எல்லாரும் நல்லதென்று சொல்வார்கள். அந்த அறையில் உங்கள் தொழிலில் ஐந்து வருடமாவது ஊறிய ஒருவர் இருந்தால் நல்லதுதான். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். புதிதாகச் சேர்ந்தவர் ஒரு கடைக்குரிய விற்பனை மென்பொருளில் விலையைத் தசம எண்ணாகக் கீழ்க்கண்டவாறு கூட்டியிருக்கிறார்:

```
total = 0.0
for i in range(10):
    total += 0.10
print(total)   # 0.9999999999999999
```

பத்துப் பத்துச் சதம் ஒரு ரூபா என்று திரையில் இரண்டு தசமத்தோடு பார்த்தால் சரியாகத்தான் தெரியும். நாளுக்கு ஆயிரம் பற்றுச்சீட்டுப் போன பிறகு எங்கோ ஒரு மொத்தம் ஒரு சதம் பிசகும், கடைக்காரர் பெட்டிக் காசோடு ஒத்துவரவில்லை என்பார். அனுபவமுள்ள ஒருவர் இந்த நாலு வரியைப் பார்த்த உடனே, “காசைச் சதத்தில் முழு எண்ணாக வை” என்று சொல்லித் திருத்துவார். சொல்ல ஆளில்லாத இடத்தில் புதியவர் கடைசியில் ஒரு சதத்தைக் கூட்டிக் கழித்து மறைத்துவிட்டு, அதுதான் வழி என்று பழகிக்கொள்வார். குறை அவருடையதல்ல, பார்த்துச் சொல்ல ஆளில்லாததுதான்.

ஆகவே நேர்முகத் தேர்வில், “நான் ஒரு வேலையை முடித்தால் அது வாடிக்கையாளருக்குப் போகும் முன் யார் பார்ப்பார்? கடைசியாக யாருடைய வேலை திருப்பி அனுப்பப்பட்டது, ஏன்?” என்று கேளுங்கள். திருத்துகிற வழக்கம் உள்ள இடத்தில் ஒருவர் உடனே ஒரு சம்பவத்தைச் சொல்வார். “நாங்கள் எல்லாரும் பாத்துக்கொள்ளுவம்” என்றால் யாரும் பார்ப்பதில்லை. மூத்தவர் ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் முழு நேரமும் வவுனியாவில் இருக்கிறாரா, வெளிநாட்டிலிருந்து கிழமைக்கொரு அழைப்பில் வருகிறாரா என்பதையும் கேளுங்கள்.

பெரிய கொம்பனியில் திருத்துகிறவர் இருப்பார், பயிற்சியும் ஒழுங்காக இருக்கும். அங்கே உள்ள ஆபத்து வேலை ஒடுங்கிப்போவது. ஒன்றரை வருடம் முழுக்க ஒரே ஒரு திரையைச் சோதித்துப் பார்ப்பதே வேலையாக அமையலாம். பயிற்சி முடிந்தும் திட்டம் கிடைக்காமல் மாதக்கணக்கில் சும்மா இருக்க வைப்பதும் உண்டு. அங்கே கேட்க வேண்டியது, “போன வருடம் என் பதவியில் சேர்ந்தவர் போன கிழமை என்ன வேலை செய்தார்?” என்பது. மனிதவளப் பிரிவினருக்கு இது தெரியாது. உங்களை நேர்முகம் கண்ட தொழினுட்பத் தலைவரிடம் கேளுங்கள். எந்தக் குழுவில் போடுவார்கள் என்று முன்பே சொல்ல மாட்டார்கள் என்பது பெரிய கொம்பனிகளின் பொதுவான குறை. அதைத் தெரிந்துகொண்டு போவது ஏமாறாமல் இருக்க உதவும்.

கையெழுத்துப் போடும் முன்

பெரிய கொம்பனிகள் சில, பயிற்சிக்குப் பிறகு ஒன்றரை இரண்டு வருடம் விலக மாட்டேன் என்று ஒப்பந்தம் கேட்கின்றன. விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்பது மாதிரி இருக்கும். அதில் பார்க்க வேண்டியது, மாதம் போகப் போக அந்தத் தொகை குறைகிறதா என்பது. பதினேழாவது மாதத்தில் விலகினாலும் முழு இரண்டு லட்சமும் என்றால் குறைக்கும்படி கேளுங்கள். அப்பாவோ மாமாவோ பிணைக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால், போடுகிறவர் அந்தத் தாளை முழுக்க வாசித்த பிறகுதான் போட வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால் உட்கார்ந்து தமிழில் சொல்லிக் கொடுங்கள். எந்தக் கொம்பனியாக இருந்தாலும் மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவைக்காதீர்கள். காட்டிவிட்டுத் திருப்பி வாங்குங்கள், சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுங்கள்.

சின்னக் கொம்பனியில் வருகிற பொறி வேறு. “சம்பளம் குறைவுதான், ஆனால் கொம்பனியில் பங்கு தருவம்” என்பார்கள். நல்ல மனதோடு சொல்கிறவரும் உண்டு. ஆனால் மொத்தம் எத்தனை பங்கு, அதில் உங்களுக்கு எத்தனை, எந்தத் திகதியில் உங்கள் பெயருக்கு வரும், இடையில் விலகினால் என்ன ஆகும் என்ற நாலும் எழுத்தில் இல்லாவிட்டால் கணக்கில் அதைச் சுழியம் என்றே போடுங்கள். எழுத்தில் இருந்தாலும் அது சம்பளத்துக்குப் பதில் அல்ல. பஸ்காரர் பங்கை வாங்கிக்கொள்ள மாட்டார்.

விடுமுறையையும் ஒரு தரம் பாருங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி முதல் வருடத்தில் இரண்டு மாதச் சேவைக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் தற்செயல் விடுமுறை. பதினாலு நாள் வருடாந்த விடுமுறை என்பது அடுத்த வருடத்தில்தான் தொடங்கும். அதுவும் நீங்கள் எந்த மாதம் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்துக் குறையும்: சனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்குப் பதினாலு, ஒக்ரோபர் முதலாம் திகதியோ அதற்குப் பிறகோ சேர்ந்தவருக்கு நாலு. கொழும்பில் இருந்துகொண்டு வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும், ஓகஸ்ட்டில் மடுத் திருவிழாவுக்கும், வீட்டில் ஒரு சடங்குக்கும் வர நினைத்தால் முதல் வருடம் அந்த ஆறு நாளுக்குள் அடக்க வேண்டும்.

முடிவை எடுப்பது

புளியங்குளத்துப் பிள்ளைக்குத் திரும்புவோம். விசாரித்ததில் வவுனியாக் கொம்பனியில் ஏழு வருட அனுபவமுள்ள அக்கா ஒருவர் எல்லாருடைய வேலையையும் பார்த்தே அனுப்புகிறார். சேமலாப நிதி முதல் நாளிலிருந்து கட்டுகிறார்கள், சம்பளம் ஆறு மாதமாகப் பிந்தவில்லை. பத்து மாதக் காசு இருக்கிறது, ஆனால் 70 வீத வருமானம் ஒருவரிடமிருந்து. கொழும்பில் நல்ல பயிற்சி, குழு எதுவென்று தெரியாது, ஒன்றரை வருட ஒப்பந்தம்.

நாங்கள் வைக்கிற அளவுகோல் இது: திருத்துகிறவர் அதே அறையில் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் சம்பளக் காசு இருக்க வேண்டும், சேமலாப நிதி முதல் நாளிலிருந்து போக வேண்டும். மூன்றும் இருந்தால் சின்னக் கொம்பனியை எடுக்கலாம். ஒன்று குறைந்தாலும் பெரிய கொம்பனிக்குப் போங்கள். இந்தப் பிள்ளைக்கு மூன்றும் இருக்கின்றன, வவுனியாவை எடுக்கலாம். ஆனால் அந்த ஒற்றை வாடிக்கையாளருக்காக, மாதம் மிஞ்சுகிற 26,000ஐ முதல் நாலு மாதம் தொடாமல் வைக்க வேண்டும். 104,000 சேரும். மூன்று மாதச் செலவான 102,000க்கு அது காணும். கொம்பனி தடுமாறினாலும் அடுத்த வேலை தேட மூன்று மாதம் கையில் இருக்கும்.

ஒரு விதிவிலக்கு. வீட்டுக் கடனோ, தங்கச்சியின் படிப்போ உங்கள் சம்பளத்தை நம்பி ஒவ்வொரு மாதமும் காத்திருந்தால் மேலே சொன்ன அளவுகோலை விட்டுவிடுங்கள். சம்பளம் இரண்டு கிழமை பிந்தினால் தவணை தவறுகிற வீட்டுக்குத் திகதி தவறாத இடம்தான் பொருத்தம்.

ஏற்றுக்கொள்கிற கொம்பனியின் நியமனக் கடிதம் கையெழுத்தோடு கைக்கு வந்த பிறகே மற்றதற்கு மறுப்பு எழுதுங்கள். தொலைபேசியில் சொன்ன “நீங்கள் எடுபட்டாச்சு” கடிதம் ஆகாது. மறுக்கும்போது நன்றியோடு இரண்டு வரி எழுதினால் போதும், காரணம் விளக்கத் தேவையில்லை. கொழும்புக் கொம்பனியின் கதவு ஒரு வருட அனுபவத்தோடு திரும்பப் போகிறவருக்குப் பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

சேர்ந்த பிறகு உங்கள் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். மூன்றாவது மாத முதல் கிழமையில், முதல் மாதத்துக்கான பணம் கட்டப்பட்டுவிட்டதா என்று கணக்குப் பார்ப்பவரிடம் கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் சரி. “அடுத்த மாதம் சேர்த்துக் கட்டுவம்” என்றால் முதலாளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது மாதமும் அதே பதில் வந்தால், சம்பளச் சிட்டைகளையும் நியமனக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள். அன்று பின்னேரமே அடுத்த வேலைக்கான விண்ணப்பத்தையும் எழுதத் தொடங்குங்கள்.